பொட்டலத்தின் புதுக் குரல்

ஐந்தாம் வகுப்பில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை என் அத்தைதான். வகுப்பில் ஆளுக்கொரு பெருமை இருந்தது. ஒருத்திக்கு மாமா துபாயில் இருந்தார். ஒருவன் வீட்டில் டிராக்டர் நின்றது. கலையரசிக்கு முழங்கால் வரைக்கும் முடி, அதோடு எதையும் நம்பாத ஒரு வாய். நானோ படிப்பிலும் சுமார், ஓட்டத்திலும் சுமார், சொல்லிக்கொள்ள ஒரு மண்ணும் கிடையாது. அப்படிப்பட்டவளை அத்தை ஒரே ஒரு போன் பேச்சில் எங்கள் ஊர் வடக்கனந்தலிலேயே பெரிய ஆளாக்கிவிட்டாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவள். அங்கே பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருத்தி கூட்டிப்போய், சினிமாவுக்கும் டிவிக்கும் டப்பிங் பேசும் வேலையில் சேர்த்துவிட்டிருந்தாள். ரொம்ப நாளைக்கு அவள் கூட்டத்தில் ஒரு குரல். கல்யாண வீட்டில் யாரோ "வாங்க வாங்க" என்பார்களே, சந்தையில் யாரோ கத்திரிக்காய் விலை கேட்பார்களே, அந்த யாரோ. எங்கள் வீட்டில் சினிமா ஓடும்போது திரையில் கூட்டம் வந்துவிட்டால் அப்பா எங்கள் வாயை அடக்கிவிட்டு டிவி பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வார். ஒரு தடவைகூடத் தங்கையை அவரால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. ஆனாலும் படம் முடிந்ததும் "கூட்டத்துல இருந்தா, நான் கேட்டேன்" என்பார்.

அன்று அவர் மரவள்ளிக் கொல்லையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசி முடித்தவர் முகமெல்லாம் பல்லாக அம்மாவிடம், "தங்கச்சி பொட்டலத்துக்குப் பேசறாளாம்மே. இன்னாது அது, பொட்டலம்?" என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். எனக்குக் கைகால் ஓடவில்லை.

பொட்டலம் ஒரு அழுங்குக் குட்டி. உடம்பெல்லாம் செதிலாக, எறும்பு தின்று பிழைக்கும் பிராணி. நம் கல்வராயன் மலையில்கூட உண்டென்று சொல்வார்கள், நான் பார்த்ததில்லை. டிவியில் வந்த குட்டி ஏதோ வெளிநாட்டுக்காரர்கள் வரைந்தது. அங்கே அதற்கு என்ன பெயரோ, தமிழில் வசனம் எழுதியவர் பொட்டலம் என்று வைத்துவிட்டார். பயம் வந்தால் உருண்டு பொட்டலமாகிவிடும். உருண்டபடியே உள்ளேயிருந்து பேசும். அந்தக் குரல் ஒரு பானைக்குள் உட்கார்ந்து யாரோ ரகசியம் சொல்வதுபோல வரும். பேச ஆரம்பிக்கும் முன் "வந்து... வந்து..." என்று இரண்டு தடவை இழுக்கும். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் ஒளிபரப்புவார்கள். இரண்டு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, எங்கள் வகுப்பே "வந்து... வந்து..." இல்லாமல் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்பதில்லை.

அந்தக் குரல் என் அத்தையுடையது என்று தெரிந்ததும் எனக்கு ஆச்சரியத்தைவிட, இது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்றுதான் வந்தது. அடுத்த நாள் காலை பொட்டலம் வாயைத் திறந்தவுடன் அது அத்தையேதான். சின்ன வயதில் அவள் மடியில் போட்டுச் சோறு ஊட்டியது, கொலுசைத் தேடிக் கொடுத்தது எல்லாம் நினைவுக்கு வந்தது, எல்லாவற்றிலும் அவள் அந்தப் பானைக் குரலில்தான் பேசினாள். "வந்து... வந்து... இன்னொரு வாய் வாங்கிக்கோ." சத்தியமாக அப்படித்தான் நினைவில் கேட்டது. மனசு எப்பேர்ப்பட்ட புளுகு மூட்டை என்று அப்போது எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் சொன்னேன். கலையரசி தலையிலிருந்து கால் வரைக்கும் என்னைப் பார்த்தாள்.

"உங்க அத்த பொட்டலம்னா, எங்க பெரிம்மா ஏரோப்ளேனு."

வகுப்பே சிரித்தது. ஆனால் பாதிப் பேர் உள்ளுக்குள் நம்பினார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் எனக்கு மூன்று பேர் மாங்காய் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். சாயங்காலத்தில் புதிய கதைகள் வரப்போவதாக டிவியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஓடி வந்து புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். பாட்டு அதே பாட்டு, காடு அதே காடு, பொட்டலமும் அதே பொட்டலம். அது வாயைத் திறந்தது. வேறு யாரோ பேசினார்கள்.

கிட்டத்தட்ட அதே குரல்தான், அதுதான் கொடுமை. முழுக்க வேறாக இருந்திருந்தால் வேறு குட்டி என்று விட்டிருப்பேன். இது பொட்டலத்தின் தோலைப் போர்த்திக்கொண்டு யாரோ உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. "வந்து... வந்து..." ஒரு தடவைகூட வரவில்லை. உருண்டுகொண்டு பேசும்போது பானைச் சத்தம் இல்லை, ரேடியோச் சத்தம் வந்தது. நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா முறத்தோடு வந்து ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, "எல்லாம் ஒண்ணாத்தான்டி கேக்குது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். காலையில் பழைய கதைகளை மறுபடியும் போட்டார்கள், அதில் பழைய குரல் அப்படியே இருந்தது. ஆக, என் அத்தையை எடுத்துவிட்டு எவளையோ போட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

நடந்தது என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதற்குப் பிறகு நான் செய்ததைப் பார்த்து என்னை நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

சாயங்காலக் குரல்தான் என் அத்தை. காலைக் குரல் யாரோ ஒரு அம்மா. அவரை எனக்குத் தெரியாது, அத்தையும் நேரில் பார்த்ததில்லை. முதல் கதைகளை ஒரு ஸ்டூடியோவில் தமிழாக்கினார்கள். அடுத்த கதைகள் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டன. அந்த ஸ்டூடியோக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த ஆட்களை வரவழைத்துப் பேசவைத்துப் பார்த்து, அதில் என் அத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தனை வருஷம் கூட்டத்தில் கத்திரிக்காய் விலை கேட்டவளுக்கு முதல்முறையாக ஒரு பெயர் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் அன்றைக்குப் போன் செய்திருக்கிறாள்.

இதெல்லாம் எட்டு வருஷம் கழித்து, நான் காலேஜ் படிக்கச் சென்னைக்குப் போய் அவள் வீட்டில் தங்கியபோதுதான் தெரிய வந்தது. ஒருநாள் துணைக்கு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். சுவரெல்லாம் துணி ஒட்டிய சின்ன அறை. மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். முன்னால் டிவி, காதில் ஹெட்போன், அதில் அந்த வெளிநாட்டுக் குரல் பேசிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே, படத்தில் வாய் திறக்கும்போது திறந்து மூடும்போது மூட வேண்டும். மற்ற பாத்திரங்கள் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். ஆமையிடம் சண்டை போடுகிற காட்சி என்றால், ஆமை நேற்றே வந்து தன் சண்டையைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். பாட்டும் காட்டுச் சத்தமும் வெளிநாட்டிலிருந்து தனியாக வந்துவிடும், பேச்சு மட்டும்தான் இங்கே. சின்னப் பையன்களுக்குப் பெரும்பாலும் பெண்கள்தான் பேசுகிறார்கள். பையன்களையே பேசவைத்தால் நாலு கதை முடிவதற்குள் தொண்டை உடைந்துவிடும்.

வசனம் எழுதுகிறவர் பாடு பெரும்பாடு. உதடு ஒட்டும் இடத்தில் பகரமோ மகரமோ வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் குட்டி ஒன்று சொல்ல வாய் வேறொன்று சொல்வதுபோலத் தெரியும். தமிழில் வாக்கியம் சின்னதாகிவிட்டால் குட்டியின் வாய் மட்டும் சும்மா அசைந்துகொண்டிருக்கும். அந்த இடத்தை நிரப்பத்தான் பழைய அம்மா "வந்து... வந்து..." என்று போட்டிருக்கிறார். யாரும் எழுதிக் கொடுத்ததல்ல. அவராகப் போட்டது பொட்டலத்தின் குணமாகிவிட்டது. இரண்டாவது ஸ்டூடியோவில் எழுதியவர் கெட்டிக்காரர், வாயசைவுக்குச் சரியாக அளந்து எழுதிவிட்டார். "வந்து" போட இடமே இல்லை.

அத்தையிடம் பழைய கதையிலிருந்து ஒரு காட்சியைக் கொடுத்து, "இதேபோலப் பேசு, மேட்ச் பண்ணு" என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரம் அதை ஒரு காதில் கேட்டு வாயில் சொல்லி, கேட்டுச் சொல்லி, அந்த அம்மா எங்கே மூச்சு இழுக்கிறார், எந்தச் சொல்லை மூக்கில் விடுகிறார் என்றெல்லாம் உருப்போட்டிருக்கிறாள். உருண்டுகொண்டு பேசும் குரலை அந்த அம்மா எப்படிச் செய்தார் என்பதையும் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு எவர்சில்வர் சொம்பை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசியிருக்கிறார். அத்தையும் ஒரு சொம்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாளாம். சவுண்ட் என்ஜினியர் சிரித்து, அதெல்லாம் வேண்டாம், மிஷினிலேயே செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அதுதான் எனக்கு ரேடியோவாகக் கேட்டது.

பேச்சை மேட்ச் பண்ணலாம், சிரிப்பையும் அழுகையையும் மேட்ச் பண்ண முடியாது என்பாள் அத்தை. சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தியாக நடந்துவிடலாம். சிரிக்கும்போது பிடித்துக்கொள்ளச் சொல் எதுவும் இல்லை, நாமே வெளியே வந்து விழுந்துவிடுவோம்.

இது ஒன்றும் தெரியாத பத்து வயது மடச்சி அங்கே வடக்கனந்தலில் போருக்குக் கிளம்பினாள்.

வகுப்பில் என் பக்கம் ஆள் சேர்ப்பதில் கஷ்டமே இருக்கவில்லை. புதுக் குரல் எல்லோருக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. கலையரசிகூட, "உங்க அத்தையோ எவளோ, பழைய ஆளுதான் கரெக்டு," என்றாள். அந்த மாதம் தமிழ் ஐயா கடிதம் எழுதும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். விடுப்புக் கடிதம் முடிந்து, குறை தெரிவிக்கும் கடிதம் வந்தது. தெருவிளக்கு எரியாதது பற்றி எழுதச் சொன்னார். எங்கள் தெருவில் விளக்கே இல்லை ஐயா என்று ஒருவன் எழுந்து சொன்னான். அப்படியானால் உங்களுக்கு உண்மையிலேயே என்ன குறை என்று கேட்டார். நான் எழுந்து நின்று சொன்னேன். வகுப்பே சேர்ந்து கத்தியது.

ஐயா நல்ல மனிதர், பிள்ளைகள் நிஜமாகவே ஒரு கடிதத்தைத் தபாலில் போட்டுப் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டார். டிவியில் குழந்தைகள் கடிதம் போடச் சொல்லி ஒரு முகவரி காட்டுவார்கள். அதை நான் மனப்பாடமாக ஒப்பித்தேன். ஐயா கரும்பலகையில் அனுப்புநர், பெறுநர் என்று ஆரம்பித்து எழுதிப்போட்டார். அந்த வரிகள் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. 'பொருள்: பொட்டலத்தின் பழைய குரலை மீண்டும் வழங்கக் கோருதல் தொடர்பாக. ஐயா, வணக்கம். தற்போது மாலையில் ஒலிக்கும் புதிய குரல் எங்களுக்கு மிகுந்த மன வருத்தத்தை அளிக்கிறது. மேற்படி குரலை உடனடியாக நீக்கி, முந்தைய குரலை வழங்கி உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.'

நாற்பத்தோரு பேரும் அச்சு அசலாக அதையே தபால் கார்டில் எழுதினோம். 'மேற்படி' என்பதற்கு எங்களில் யாருக்கும் அர்த்தம் தெரியாது. நான் மட்டும் கீழே கொஞ்சம் இடம் இருந்ததால், 'அவர் அழுவது சகிக்கவில்லை' என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன். வரிசையாகப் போய்த் தபால் பெட்டியில் போட்டோம். பெட்டி வாய் வரைக்கும் நிரம்பிவிட்டது. வீட்டில் மூச்சு விடவில்லை. அத்தைக்குத் தெரியாமல் அத்தையைக் காப்பாற்றுவதில்தான் ருசியே இருந்தது.

முழுப் பரீட்சை நெருங்கும்போது ஒரு சாயங்காலம் பொட்டலத்தின் குரல் மறுபடி மாறியிருந்தது. இப்போது யோசித்துப் பார்த்தால் அது மூன்றாவது யாரோ. பழைய அம்மா இல்லை. ஆனால் நாங்கள் கார்டு போட்டோம், குரல் மாறிவிட்டது, ஆகவே இது பழைய குரல்தான் என்று வகுப்பு ஏகமனதாக முடிவு செய்துவிட்டது. கலையரசி மட்டும் இழுத்தாள். அவளையும் பேசிப் பேசி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டோம். ஒரு வாரத்தில் அது எங்கள் காதுக்குப் பழையதாகவே கேட்க ஆரம்பித்தது.

லீவு விட்டதும் அத்தை வந்தாள். ஒரு வாரம் தங்கப் போவதாகச் சொன்னாள், எனக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கமாக ஒரு ராத்திரிக்கு மேல் தங்க மாட்டாள், கூப்பிட்டால் ஓட வேண்டிய வேலை. இந்தத் தடவை அடுப்படியில் அம்மாவோடு ரொம்ப நேரம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் போனால் பேச்சு நின்றது. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தைக்கு மனசு சரியில்ல, பொட்டலம் கிட்டலம்னு நோண்டிக்கினு இருக்காத," என்றாள். உடம்பு சரியில்லை என்றாலாவது எனக்குப் புரிந்திருக்கும். மனசு சரியில்லாவிட்டால் பொட்டலம்தானே மருந்து, அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே கலையரசியையும் இன்னும் ஐந்தாறு பேரையும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அத்தை முற்றத்தில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். "அத்த, இவங்க நம்பவே மாட்டேங்கறாங்க. பொட்டலம் மாதிரி பேசிக் காட்டு," என்றேன். அத்தை அம்மா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். "எந்தப் பேச்சு வேணும்?" என்று என்னைக் கேட்டாள். "காலையில வருமே, மழையில உருண்டுக்கினு அம்மாவக் கூப்புடுமே, அது."

அத்தை என் முகத்தையே பார்த்தாள். அது அந்தப் பழைய அம்மா பேசியது. நான் அவளைத்தான் அந்தக் காலைக் குரல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அந்த நிமிஷம் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே கலையரசி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். அத்தை எழுந்து உள்ளே போய் எங்கள் வீட்டுச் சொம்பை எடுத்துவந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அதை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"வந்து... வந்து... அம்மா, மழ நின்னுடுச்சா? நான் வெளிய வரட்டா?"

ஸ்டூடியோவில் அவளுக்கு மேட்ச் பண்ணக் கொடுத்த காட்சி அதுவேதான் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? மூன்று வாரம் உருப்போட்டதை, அங்கே வேண்டாம் என்ற சொம்போடு, எங்கள் முற்றத்தில் பேசினாள். ஒரு இம்மி பிசகவில்லை. ஒரு சின்னப் பெண் பயந்துபோய், அந்தக் குட்டி உள்ளே இருக்கிறதா என்று சொம்பை எட்டிப் பார்த்தாள். கலையரசி மெதுவாகக் கையை இறக்கி, "அதே கொரலுதான்," என்றாள். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு வாங்கிய எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடில்லை. இன்றைக்கும் அந்தக் காலைக் கதைகளை நினைத்தால், குட்டியின் படத்தோடு ஈரத்தலையும் சொம்புமாக அத்தையின் முதுகும் சேர்ந்தேதான் வருகிறது. அந்தப் பழைய அம்மாவுக்கு இது நான் செய்த துரோகம், ஒத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மலைமேல் இருக்கும் கரியாலூருக்குக் கிளம்பினோம், அருவியில் குளித்துவிட்டு வரலாம் என்று. அத்தைக்கு மாறுதலாக இருக்கும் என்று அப்பாதான் சொன்னார். பஸ்ஸில் அம்மாவும் அப்பாவும் முன்னால், நானும் அத்தையும் பின்னால். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் பஸ் உறுமிக்கொண்டு வளைந்து வளைந்து போயிற்று. அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளைச் சந்தோஷப்படுத்த என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்ததே பெரிது.

"அத்த, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சாய்ங்காலத்துல உன்ன எடுத்துட்டு எவளோ ஒருத்திய பேச வச்சாங்க இல்ல? அவள தூக்குனது நாங்கதான். எங்க கிளாஸே கார்டு போட்டுச்சு. நாப்பத்தோரு கார்டு."

அத்தை திரும்பினாள். பஸ் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன். கேட்டிருந்தது.

"எல்லாம் ஒரே மாரி எழுதுனீங்களா?"

"ஆமா, ஐயா போர்டுல எழுதிப்போட்டாரு. உனக்கு எப்புடித் தெரியும்?"

டப்பிங் டைரக்டர் அத்தையிடம், ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கட்டுக் கார்டு வந்திருக்கிறது, சேனல்காரர்கள் காட்டினார்கள், இனி எங்கள் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வேறு ஊர்களிலிருந்தும் புகார் வந்தது, உன்னால்தான் என்று இல்லை என்று பின்னாளில் அத்தை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். நிஜமா, எனக்காகச் சொன்னதா, தெரியாது.

கொஞ்ச தூரம் போனதும் அத்தை கேட்டாள். "அவ பேசனதுல இன்னாடி நல்லால்ல?"

கேட்டால் போதாதா? விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். உருண்டுகொண்டு பேசினால் ரேடியோ மாதிரி இருக்கிறது என்றேன். அத்தை தலையாட்டினாள். "வந்து வந்து" சொல்லவே இல்லை என்றேன். "எழுதிக் குடுத்தாத்தானே அவ பேசுவா, பாவம்," என்றாள். எதிரிக்குப் பரிந்து பேசுகிறாளே என்று எனக்குப் பட்டது. "அப்புறம்?" என்றாள். சிரிப்பு பெரிய பொம்பளை சிரிப்பாக இருக்கிறது என்றேன். அதற்கும் தலையாட்டினாள்.

"அப்புறம்?"

"அழுவறதுதான் ரொம்ப மோசம். பொட்டலத்தோட அம்மா வுட்டுட்டுப் போவுமே, அதுல. பொட்டலம் பையன்தான? அவ அழுவறது யாரோ பொண்ணு அழுவற மாதிரி இருக்குது. எனக்குக் கேக்கவே புடிக்கல, டிவிய நிறுத்திட்டேன்."

"எந்தப் பொண்ணு மாரி இருந்துச்சு?"

"தெரில. யாரோ ஒரு பொண்ணு."

அத்தை சிரித்தாள். அப்புறம் என்னை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டு, கரியாலூர் வரும் வரைக்கும் விடவே இல்லை. அவளுக்காகச் சண்டை போட்டு ஜெயித்தவளாயிற்றே, பெருமை தாங்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்கு மட்டும் அன்னாசி வாங்கிக் கொடுத்தாள்.

அந்த அழுகையின் கதையைப் பிற்பாடு சென்னையில், ஸ்டூடியோவிலிருந்து திரும்பிய அன்றுதான் அத்தை சொன்னாள். பழைய கதைகளில் பொட்டலம் ஒரு இடத்தில்கூட அழுததில்லையாம். எத்தனை தேடியும் மேட்ச் பண்ண ஒன்றும் கிடைக்கவில்லை. டைரக்டர், உனக்குத் தோன்றுகிறபடி அழு என்று சொல்லிவிட்டார். அத்தனை கதைகளில் யாரையும் பார்த்துச் செய்யாமல் அவளாகப் பேசியது அந்த ஒரு காட்சிதான்.

"எனக்குத் தெரிஞ்ச அழுக ஒண்ணுதான் இருந்துச்சு. நான் கல்யாணமாகி வேன்ல ஏறறேன், நீ நாலு வயசு, பின்னாலயே ரோடு வரிக்கும் ஓடியாந்த. எங்க மூச்ச இழுத்த, எங்க வுட்ட, எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்புடியே எடுத்து வச்சேன். உன்னுதுதான்டி அது."

நான் அப்படி ஓடியது எனக்கு நினைவில்லை. என் அழுகை வெளியிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியாது, யாருக்குத்தான் தெரியும்? அன்று அந்த மலை பஸ்ஸில் அத்தையின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், சகிக்கவில்லை என்று தன் கையாலேயே கார்டில் எழுதிப்போட்டது, அத்தை போகக்கூடாது என்று தானே அழுத அழுகையைத்தான் என்று தெரியாமல் அன்னாசியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.